கார்டு வரும் வரை

சென்னை ரிச்சி தெருவில் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்து தரும் எந்தக் கடையில் அரை மணி நேரம் நின்றாலும் இந்தப் பேச்சு காதில் விழும். "அண்ணே, கிராபிக்ஸ் கார்டு தீபாவளிக்கு மேல போட்டுக்கறேன். இப்போதைக்கு உள்ளேயே கிராபிக்ஸ் இருக்கற பிராசஸரா குடுங்க, ஓடுமில்ல?" கடைக்காரர் "தாராளமா ஓடும் தம்பி" என்பார். அவர் சொல்வது பொய் இல்லை. ஆனால் அந்த இடைக்காலத்தில் என்னென்ன ஓடும், பிறகு கார்டு வந்து சேரும்போது எது கையைக் கடிக்கும் என்ற இரண்டும் அந்தப் பதிலுக்குள் இல்லை. பணம் கொடுப்பதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியது அந்த இரண்டும்தான்.

இந்த யோசனைக்கு ஊரறிந்த உதாரணம் ஏஎம்டி நிறுவனத்தின் ரைசன் 5 5600ஜி. 2021 ஆகஸ்டில் தனியாகக் கடைகளுக்கு வந்த பிராசஸர் இது. வந்த வேளை அப்படி. சிப் தட்டுப்பாடு ஒருபுறம், கிரிப்டோ நாணயம் தோண்டுகிறவர்கள் கார்டுகளை மொத்தமாக அள்ளிக்கொண்டு போனது மறுபுறம். பெட்டியில் அச்சிட்ட விலைக்குக் கிராபிக்ஸ் கார்டு கிடைப்பதே அபூர்வமாக இருந்தது. புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்க நினைத்த பலர், 'கார்டு விலை இறங்கும் வரை இதில் ஓட்டுவோம்' என்று 5600ஜி-யை வாங்கினார்கள். அந்தத் தட்டுப்பாடு தீர்ந்து வருடங்கள் ஆகிவிட்டன. ஆனாலும் மொத்தப் பணமும் ஒரே நேரத்தில் கையில் இல்லாதவர்களுக்கு அதே கேள்வி இன்றும் இருக்கிறது.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். 'உள்ளேயே கிராபிக்ஸ்' என்று ஒரே பெயரில் விற்கப்படுவதற்குள் இரண்டு வகை இருக்கிறது. ஒன்று, மானிட்டரில் படம் தெரிவதற்கு மட்டும் போதுமானது. இன்டெல்லின் ஐ5-12400இல் இருக்கும் யுஎச்டி 730, ஏஎம்டியின் ரைசன் 5 7600இல் ஓர் ஓரமாக ஒட்டிக்கொண்டிருக்கும் சின்ன கிராபிக்ஸ் இரண்டும் இந்த வகை. இணையம், எக்செல், சினிமா எல்லாவற்றுக்கும் தாராளம், புது விளையாட்டுகளுக்கு ஆகாது. மற்றொன்று, விளையாடவும் முடியட்டும் என்று சற்றுப் பெரிதாகவே செய்யப்பட்டது. 5600ஜி, 2024இல் வந்த 8600ஜி, 8700ஜி ஆகியவை இந்த வகை. இவை இரண்டிலும் சேராதவையும் உண்டு. இன்டெல்லில் எண்ணுக்குப் பின்னால் எஃப் என்ற எழுத்து இருந்தால் கிராபிக்ஸே கிடையாது. ஏஎம்டியின் 5500, 5600, 7500எஃப் ஆகியவற்றிலும் இல்லை. அவற்றை வாங்கிவந்து மதர்போர்டின் எச்டிஎம்ஐ ஓட்டையில் ஒயரைச் செருகினால் திரை கறுப்பாகவே இருக்கும். போர்டு பழுது என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு போகிறவர்களில் ஒரு பகுதியினரின் பிரச்சினை இதுதான். ஓட்டை போர்டில் இருந்தாலும் அதற்குப் படம் அனுப்ப வேண்டியது பிராசஸர்.

இப்போது 5600ஜி-யையே எடுத்துக்கொண்டு உள்ளே போவோம்.

தனி கிராபிக்ஸ் கார்டு ஒன்றைப் பிரித்துப் பார்த்தால் நடுவில் சிப்பும், அதைச் சுற்றி அதற்கென்றே வேகமான நினைவகச் சில்லுகளும் இருக்கும். ஆர்எக்ஸ் 6600 என்ற நடுத்தரக் கார்டில் அந்த நினைவகம் நொடிக்கு 224 ஜிபி தகவலைக் கொடுக்கக்கூடியது. பழைய ஜிடிஎக்ஸ் 1650இல்கூட 128 ஜிபி. 5600ஜி-க்குள் இருக்கும் கிராபிக்ஸுக்குச் சொந்த நினைவகம் என்று எதுவும் கிடையாது. போர்டில் செருகியிருக்கும் சாதாரண ராமில்தான் அது கைவைக்க வேண்டும். டிடிஆர்4 ராம் 3200 வேகத்தில் ஓடினால், ஒரு ஸ்டிக் நொடிக்கு 25.6 ஜிபி தரும். இரண்டு ஸ்டிக் சேர்ந்தால் 51.2 ஜிபி. இதிலும் பிராசஸர் தன் பங்கை எடுத்துக்கொண்ட மிச்சம்தான் கிராபிக்ஸுக்கு. வீட்டுச் சமையலும் கல்யாணப் பந்தியும் ஒரே குழாய்த் தண்ணீரில் நடப்பது போலத்தான்.

அதனால்தான் இந்த வகைக் கம்ப்யூட்டரில் பிராசஸரைவிட ராமை எப்படி வாங்குகிறோம் என்பதுதான் முடிவைத் தீர்மானிக்கிறது. தனிக் கார்டு போட்ட கம்ப்யூட்டரில் 16 ஜிபி ராம் ஒரே ஸ்டிக்காக இருந்தால் நஷ்டம் பெரும்பாலும் சிறியது. கார்டு இல்லாத கம்ப்யூட்டரிலோ அந்த ஒற்றை ஸ்டிக் கிராபிக்ஸின் கழுத்தை நெரிக்கிறது. வேகம் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சரிவது சாதாரணம். ஒற்றை ஸ்டிக்கில் நொடிக்கு 40 ஃபிரேமில் தடுமாறும் விளையாட்டு, அதே 16 ஜிபியை இரண்டு 8 ஜிபி ஸ்டிக்காகப் போட்டால் 60ஐத் தொடும்.

என் தங்கை மகன் கோயம்புத்தூரில் இன்ஜினியரிங் படிக்கிறான். 5600ஜி போட்ட கம்ப்யூட்டர் வாங்கிய கையோடு போன் செய்தான்.

"மாமா, கடையில ஏமாத்திட்டாங்க. 16 ஜிபி ராமுக்குக் காசு வாங்கிட்டு 13.9 ஜிபிதான் குடுத்திருக்காங்க. கேம் வேற திக்குது."

"திரையில என்ன போட்டிருக்கு, அப்படியே படி மாப்ள."

"Installed RAM 16.0 GB, 13.9 GB usable."

அதில் ஏமாற்று எதுவும் இல்லை. காணாமல் போன 2 ஜிபி சொச்சத்தை, விண்டோஸ் எழுவதற்கு முன்பே கிராபிக்ஸுக்கென்று போர்டு ஒதுக்கிவைத்துவிட்டது. பயாஸில் இந்த ஒதுக்கீட்டுக்கு `UMA Frame Buffer Size` என்று பெயர். 512 எம்பியிலிருந்து மேலே கூட்டலாம். அதிகமாக ஒதுக்கினால் வேகம் கூடும் என்று 4, 8 என்று வைப்பவர்கள் உண்டு. வேகம் கூடாது. ஒதுக்கியது போதாதபோது மீதி ராமிலிருந்தும் கிராபிக்ஸ் தானாகக் கடன் வாங்கிக்கொள்ளும், அதுவும் இதே ராம்தான். 'இத்தனை ஜிபி வீடியோ நினைவகம் இல்லாமல் திறக்கமாட்டேன்' என்று அடம்பிடிக்கும் சில விளையாட்டுகளை ஏமாற்றவே 2 ஜிபி ஒதுக்கீடு பயன்படுகிறது. 16 ஜிபி ராம் இருந்தால் 2 ஜிபியோடு நிறுத்திக்கொள்வது நல்லது. 8 ஜிபி மட்டும் வைத்துக்கொண்டு இந்த வழியில் இறங்காதீர்கள். கிராபிக்ஸ் எடுத்ததுபோக விண்டோஸுக்கும் குரோமுக்குமே மூச்சு முட்டும்.

விளையாட்டு திக்கியதற்குக் காரணம் வேறு. டாஸ்க் மேனேஜரைத் திறந்து `Performance` பக்கத்தில் `Memory` என்பதைச் சொடுக்கச் சொன்னேன். `Slots used: 2 of 4` என்று இருந்தது, அது சரி. ஆனால் `Speed` என்ற இடத்தில் 2400. வாங்கிய ராமின் மேல் அச்சிட்டிருப்பதோ 3200. பெட்டியில் எழுதியிருக்கும் வேகத்தில் ராம் தானாக ஓடும் என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலான ராம்கள் முதல் தடவை பாதுகாப்பான குறைந்த வேகத்தில்தான் எழும். பயாஸில் `XMP` அல்லது `DOCP` என்று இருப்பதை ஒருமுறை இயக்கிவிட வேண்டும். டிடிஆர்5 போர்டுகளில் `EXPO` என்றும் இருக்கும். அதற்கு ஐந்து நிமிடம்கூட ஆகாது, கடையில் அசெம்பிள் செய்யும்போதே செய்து தரலாம். கேட்டால் செய்வார்கள், கேட்காவிட்டால் விட்டுவிடுவார்கள்.

பிறகு அவன் கேபினட் மூடியைத் திறந்து படம் அனுப்பினான். இரண்டு ஸ்டிக்கும் பிராசஸரை ஒட்டிய முதல் இரண்டு ஸ்லாட்டில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தன. நான்கு ஸ்லாட் உள்ள போர்டில் அப்படிப் போட்டால் இரண்டும் ஒரே பாதையில்தான் வரும். பிராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவதிலும் நான்காவதிலும் போட வேண்டும். போர்டிலேயே பொடி எழுத்தில் `A2`, `B2` என்று இருக்கும். டாஸ்க் மேனேஜர் இந்தத் தவறைக் காட்டிக்கொடுக்காது. `CPU-Z` என்ற இலவச மென்பொருளின் `Memory` பக்கத்தில் `Channel #` என்ற இடத்தைப் பார்த்தால் குட்டு வெளிப்படும். ஒரு ஸ்டிக்கைக் கழற்றி இடம் மாற்றி, பயாஸில் 3200ஐ இயக்கியதும் அவன் கம்ப்யூட்டருக்குக் காசு செலவில்லாமல் புது கிராபிக்ஸ் வந்தது போல் ஆகிவிட்டது.

எல்லாம் சரியாக அமைந்த பிறகு 5600ஜி-யிடம் எதை எதிர்பார்க்கலாம்? முழு எச்டி திரையில் வாலரன்ட், மைன்கிராஃப்ட் போன்றவை நன்றாகவே ஓடும். வாலரன்டில் அமைப்புகளைக் குறைத்தால் 100 ஃபிரேமைத் தாண்டும். ஜிடிஏ 5 விளையாடலாம். சைபர்பங்க் 2077 போன்ற கனமான விளையாட்டுக்கு வந்தால், திரையை 720பி-க்கு இறக்கி எல்லாவற்றையும் அடிமட்டத்தில் வைத்தும் நொடிக்கு 30ஐ எட்டத் திணறும். விளையாடுவதைவிட வேடிக்கை பார்ப்பதற்கே அது உதவும். வீடியோ எடிட்டிங்கில் முழு எச்டி படத்தை வெட்டி ஒட்டுவது நடக்கும். டாவின்சி ரிசால்வில் 4கே படத்தைப் போட்டு நிறத்திருத்தம் செய்யப்போனால் கிராபிக்ஸ் நினைவகம் நிரம்பிவிட்டது என்ற அறிவிப்பு வந்து நிற்கும். கல்யாண வீடியோ வேலை செய்து பிழைக்கிறவருக்கு இந்த இடைக்கால ஏற்பாடு ஆகாது. அவர் கார்டுக்குத்தான் முதலில் பணம் போட வேண்டும்.

இடைக்காலம் எப்படிப் போகும் என்பது இதோடு முடிகிறது. அடுத்தது கார்டு வாங்கும் நாள். இந்த ஏற்பாட்டுக்கு மறைவாக ஒரு விலை இருப்பது அன்றுதான் தெரியவரும், ஏனென்றால் 5600ஜி-யும் 5600-ம் ஒன்றல்ல. இரண்டிலும் ஆறு கோர்தான். ஆனால் கிராபிக்ஸுக்கு இடம்விட வேண்டியிருந்ததால் 5600ஜி-யில் எல்3 கேஷ் என்ற உள் நினைவகம் 16 ஜிபி அல்ல, எம்பி கணக்கில் 16தான். 5600இல் அது 32 எம்பி. விளையாட்டுகளுக்கு இந்தக் கேஷ் ரொம்பப் பிடிக்கும். வலுவான கார்டு ஒன்றைப் போட்டுப் பார்த்தால் 5600ஜி பத்து சதவீதம் அளவுக்கும், சில விளையாட்டுகளில் அதற்கு மேலும் பின்தங்கும். இதற்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஆர்எக்ஸ் 6600 போன்ற நடுத்தரக் கார்டு போட்டால் பெரும்பாலும் முதலில் களைப்பது கார்டுதான், பிராசஸர் அல்ல. அப்போது இந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது.

தூக்கத்தைக் கெடுக்க வேண்டியது இன்னொன்று. பிராசஸருக்கும் கார்டுக்கும் நடுவில் தகவல் போகிற வழிக்குப் பிசிஐஇ என்று பெயர். 5600இல் அது நான்காம் தலைமுறை. 5600ஜி-யில் மூன்றாம் தலைமுறை, அதாவது பாதி வேகம். பி550 போன்ற நல்ல போர்டாகப் பார்த்து வாங்கினாலும் இது மாறாது, ஏனென்றால் கட்டுப்பாடு பிராசஸர் கையில். ஆர்டிஎக்ஸ் 3060 போன்ற கார்டு பதினாறு தடங்களில் தகவல் வாங்கிக்கொள்வதால் பாதி வேகமும் அதற்குத் தாராளம். ஆர்எக்ஸ் 6600 எட்டுத் தடங்களில் வாங்குகிறது. இழப்பு சொற்பம். ஆனால் விலை மலிவு என்று பலர் தேடிப்போகும் ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி, ஆர்எக்ஸ் 6400 இரண்டுக்கும் தடங்கள் நான்கே நான்கு. மூன்றாம் தலைமுறையில் நான்கு தடம் என்றால் நொடிக்கு 4 ஜிபி அளவுதான். அந்தக் கார்டுகளில் நினைவகமும் 4 ஜிபிதான். புது விளையாட்டு ஒன்று அதை நிரப்பியதும் மீதித் தகவலை ராமிலிருந்து இந்த ஒற்றையடிப் பாதை வழியாக இழுக்க வேண்டிவரும். விளைவு, சராசரி எண் நன்றாக இருப்பது போலத் தெரிந்தாலும் படம் திடீர் திடீரென்று உறைந்து உறைந்து நகரும். கார்டில் பழுது என்று மாற்றிக் கொடுத்தாலும் புதுக் கார்டும் அதையேதான் செய்யும்.

ஆக, 5600ஜி-யில் காத்திருந்துவிட்டு, பொறுமையிழந்து சின்னக் கார்டு ஒன்றைப் போடுவதுதான் இந்த வழியில் நடக்கும் மோசமான தவறு. சற்று அதிகம் காத்திருந்து எட்டுத் தடமும் 8 ஜிபி நினைவகமும் உள்ள கார்டுக்குப் போவதே முறை. `GPU-Z` மென்பொருளில் `Bus Interface` என்ற வரி, கார்டு எத்தனை தடத்தில் எந்தத் தலைமுறையில் ஓடுகிறது என்பதைக் காட்டும். கார்டு சும்மா இருக்கும்போது மின்சாரம் மிச்சப்படுத்தக் குறைந்த தலைமுறையைக் காட்டும் என்பதால், விளையாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது பார்க்க வேண்டும்.

புதிய வரிசையிலும் இதே கதைதான், எண்கள்தான் வேறு. 8600ஜி-யும் 8700ஜி-யும் டிடிஆர்5 ராமைப் பயன்படுத்துகின்றன. 6000 வேகத்தில் இரண்டு ஸ்டிக் என்றால் நொடிக்கு 96 ஜிபி. அதனால் 8700ஜி பழைய ஜிடிஎக்ஸ் 1650 கார்டின் பக்கத்தில் போய் நிற்கிறது. கார்டே இல்லாமல் அதுவரை வந்த டெஸ்க்டாப் பிராசஸர் எதுவும் தராத வேகம் அது. ஆனால் 2024 ஜனவரியில் அதன் அறிமுக விலை 329 டாலர். ஏறத்தாழ அதே பணத்துக்கு அன்று கிராபிக்ஸ் இல்லாத ஐ5-12400எஃப் பிராசஸரும் அதோடு ஆர்எக்ஸ் 6600 கார்டும் சேர்ந்தே கிடைத்தன. அந்த ஜோடி 8700ஜி-யை எளிதாக வென்றுவிடும். ஒருநாளும் கார்டு போடப்போவதில்லை, சின்னப் பெட்டியாக மேசையில் இருக்க வேண்டும் என்பவருக்கு 8700ஜி நல்ல பொருள். 'கார்டு வரும் வரை' என்று வாங்குகிறவருக்கு அது வீண் செலவு. இதே குடும்பத்தின் 8500ஜி-யை விலை பார்த்து எடுத்துவிடாதீர்கள். கார்டுக்கென்று அது விடுவது நான்கு தடம் மட்டுமே. பின்னால் எந்தக் கார்டைப் போட்டாலும் அதில்தான் ஓட வேண்டும்.

என் கணக்கு எளிமையானது. கார்டு இரண்டு மூன்று மாதத்தில் வந்துவிடும் என்றால் ஜி வகைப் பக்கம் போகவே வேண்டாம். ஐ5-12400 அல்லது ரைசன் 5 7600 போதும். அந்த மாதங்களில் படம் தெரியும், படிக்கலாம், பழைய விளையாட்டு ஒன்றிரண்டு ஆடலாம். கார்டு வந்த பிறகு வேகத்தில் இழப்பதற்கு ஒன்றுமில்லை. எஃப் எழுத்துள்ள பிராசஸரோடு ஒப்பிட்டால் விலை வித்தியாசமும் பெரிதல்ல. ஒரு வருடம் அல்லது அதற்கு மேல் ஆகும், அந்த ஒரு வருடமும் விளையாடியே ஆக வேண்டும் என்றால் 5600ஜி-யில் நியாயம் இருக்கிறது. ராமை இரண்டு ஸ்டிக்காக வாங்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. 2025 கடைசியில் ராம் விலை தாறுமாறாக ஏறியபின் கடைகளில் 'இப்ப ஒண்ணு போடுங்க, இன்னொண்ணு அப்புறம் போட்டுக்கலாம்' என்ற யோசனை சகஜமாகிவிட்டது. தனிக் கார்டு வைத்திருப்பவர் அதைக் கேட்கலாம். கார்டு இல்லாதவர் கேட்டால் 5600ஜி-க்குக் கொடுத்த காசில் பாதி தூங்கிவிடும்.

மூன்றாவதாக ஒரு வழியும் உண்டு. கிராபிக்ஸ் இல்லாத நல்ல பிராசஸரை வாங்கிவிட்டு, படம் தெரிவதற்காக மட்டும் பழைய ஜிடி 710 போன்ற கார்டை நண்பரிடம் இரவல் வாங்குவது. கேலியாகத் தோன்றலாம், ஆனால் காத்திருக்கும் காலம் குறைவு என்றால் இதைவிட மலிவான வழி இல்லை.

எந்த வழியில் போனாலும் முதல் நாளே கூடுதலாகப் பணம் போட வேண்டிய இடம் எஸ்எம்பிஎஸ். கார்டு இல்லாத 5600ஜி கம்ப்யூட்டருக்கு மின்சாரம் கொஞ்சம் போதும் என்பதால், கேபினட்டோடு இலவசமாக வரும் பெயர் தெரியாத எஸ்எம்பிஎஸ்ஸிலேயே பலர் காலம் தள்ளுகிறார்கள். ஆர்எக்ஸ் 6600 தனியாக 132 வாட் கேட்கும், அதற்கென்று எட்டு ஊசி உள்ள ஒயரும் கேட்கும். அந்த ஒயர் இலவச எஸ்எம்பிஎஸ்ஸில் பெரும்பாலும் இருக்காது. ஆர்டிஎக்ஸ் 3060க்கு 170 வாட். நம்பகமான 550 வாட் எஸ்எம்பிஎஸ் ஒன்றை ஆரம்பத்திலேயே போட்டுவிட்டால் கார்டு வாங்கும் அன்று கார்டுக்கு மட்டும் பணம் எடுத்துப்போனால் போதும்.

கார்டைச் செருகியபின் மானிட்டர் ஒயரைப் போர்டிலிருந்து கழற்றிக் கார்டின் ஓட்டைக்கு மாற்ற மறக்கக் கூடாது. மாற்றாவிட்டால் திரை கறுப்பாக நிற்கலாம். அல்லது இன்னும் மோசமாக, எல்லாம் ஒழுங்காகத் தெரிந்து, 'இவ்வளவு காசு போட்டும் பழைய வேகம்தானே வருகிறது' என்று புலம்பவைக்கும். பயாஸில் முன்பு ஒதுக்கிய 2 ஜிபியையும் `Auto` என்று மாற்றிவிட்டால் அந்த ராம் விண்டோஸுக்குத் திரும்பக் கிடைக்கும். உள் கிராபிக்ஸ் அதன்பின் சும்மா இருக்கும், ஆனால் செத்துப்போவதில்லை. என்றாவது கம்ப்யூட்டர் எழும், திரை மட்டும் எழாது என்ற நிலை வந்தால், கார்டைக் கழற்றி ஒயரை மீண்டும் போர்டில் செருகிப் பார்க்கலாம். படம் வந்தால் சந்தேகம் கார்டின் மேல், வராவிட்டால் ராமையும் போர்டையும் பார்க்க வேண்டும். எஃப் பிராசஸர் வைத்திருப்பவர் இதைத் தெரிந்துகொள்ள யாரிடமாவது இன்னொரு கார்டு கேட்டு அலைய வேண்டும்.